16ஏ-வில் 9,600, 26ஏஎஸ்-ல் 7,200: யாராவது வழி சொல்லுங்க

வணக்கம். காட்பாடியில ஒரு வங்கிக் கிளையில அம்மாவோட டெபாசிட் இருக்கு. 2024-25-க்கு காலாண்டு வட்டி 24,000, அதுல 10% டிடிஎஸ் 2,400. கிளையில கொடுத்த 16ஏ-வில் நாலு காலாண்டும் சேர்த்து 9,600. 26ஏஎஸ்-ல் மூணு பதிவுதான், 7,200. ஜனவரி-மார்ச் பதிவே காணோம்.

அந்த 16ஏ தாள்ல பான் எண்ணை எழுத்தெழுத்தா பார்த்தேன், சரியா இருக்கு. ஆனா டிரேசஸ் சான்றிதழ் எண் இல்ல. கிளையே அச்சடிச்சது போல. வங்கி தாக்கல் பண்ணின கடைசிக் காலாண்டு அறிக்கையில அம்மா பான் விட்டுப்போச்சோன்னு சந்தேகம்.

இப்பவே ரிட்டர்ன்ல 9,600 காட்டினா, 26ஏஎஸ்-ல் இல்லாத 2,400-ஐ கட்டச் சொல்லி 143(1) நோட்டீஸ் வருமோன்னு பயம். திருத்த அறிக்கை போடச் சொல்லி மேலாளர்கிட்ட என்ன எழுதிக் கொடுக்கணும்? வேலூர்ப் பக்கம் இப்படித் திருத்தி வாங்கினவங்க இருந்தா, எத்தனை நாள் ஆச்சுன்னு சொல்லுங்க.