“ஒண்ணும் ஆகாது”ன்னு சொல்றதை நிறுத்தினப்போ: ஓசிடி பிள்ளைகளின் பெற்றோர் அனுபவங்கள்

சேலம் அம்மா

பையனுக்கு பத்து வயசு. ஓசிடின்னு டாக்டர் சொல்லி சிகிச்சை போயிட்டு இருக்கு. வேண்டாத பயம் திரும்பத் திரும்ப வரும், அதை அடக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும், அந்த மனநோய். கை கழுவுறது மாதிரி வெளிய தெரியிற எதுவும் அவன்கிட்ட கிடையாது. ராத்திரி படுக்கும்போது “அம்மா, தூக்கத்துல உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”ன்னு கேப்பான். “ஒண்ணும் ஆகாது, காலைல எழுந்துடுவேன்”னு நான் சொல்லணும். அதே வார்த்தையா இருக்கணும். “எழுந்துடுவேன்” கொஞ்சம் மாறி “எழுந்திருப்பேன்”னு வந்துட்டாலோ, நடுவுல அவங்க அப்பா இருமிட்டாலோ, மறுபடி முதல்லேர்ந்து. பல நாள் இது நடுராத்திரி வரைக்கும் போகும்.

எங்க உளவியலாளர் முதல்ல பையனைப் பத்தியே கேக்கலை. இவனுக்காக வீட்ல யார் யார் என்னென்ன செய்றீங்கன்னு ஒரு வாரம் எழுதிட்டு வரச் சொன்னாங்க. எழுதினப்போதான் எவ்வளவு இருக்குன்னே தெரிஞ்சது. ராத்திரி பதில் ஒண்ணு. தினமும் சிலிண்டரை மூடிட்டு அவங்க அப்பா போட்டோ எடுத்துக் காட்டுவார். தாத்தா கதவைப் பூட்டிட்டு “பூட்டிட்டேன்”னு சத்தமா சொல்லுவார். நான் குளிக்கப் போனா தாழ்ப்பாள் போடவே மாட்டேன். இதுல ஒண்ணே ஒண்ணை எடுக்கலாம்னு சொன்னாங்க. தினமும் நடக்கணும், முழுக்க நம்ம கையில இருக்கணும். அப்படிப் பார்த்தா ராத்திரி பதில்தான் வந்தது.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், அவன் நல்லா சாப்பிட்டு விளையாடிட்டு இருந்த நேரத்துல, எழுதி வச்சிருந்த தாளைப் படிச்சுக் காட்டினோம். “ராத்திரி உனக்கு எவ்வளவு பயமா இருக்குன்னு எங்களுக்குத் தெரியுது. அந்தப் பயத்தை உன்னால தாங்க முடியும்னும் நம்புறோம். இத்தனை நாள் நாங்க பதில் சொல்லிச் சொல்லி அந்தப் பயத்துக்குத்தான் தீனி போட்டிருக்கோம். இன்னிலேர்ந்து அந்தக் கேள்விக்கு அம்மா பதில் சொல்ல மாட்டேன். பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்திருப்பேன், அப்புறம் என் ரூமுக்குப் போயிடுவேன்.” அவ்வளவுதான். நீ கேக்கக் கூடாதுன்னு அதுல ஒரு வரி கூட இல்லை.

முதல் சில ராத்திரி பயங்கரம். அழுகை, என் நைட்டியைப் பிடிச்சு இழுக்குறது, “என்மேல பாசமே இல்ல”ங்கறது. அது குறையுற மாதிரி தெரிஞ்சப்போ புதுசா ஒண்ணு ஆரம்பிச்சது. “அம்மா, நாளைக்கு காலைல எனக்கு தோசை சுடுவீங்களா?” நானும் சந்தோஷமா “சுடுறேன்டா”ன்னேன். ரெண்டாவது தடவை அதையே கேட்டப்போதான் புரிஞ்சது, தோசைக்குள்ள ஒளிஞ்சிருக்கிறதும் அதே கேள்விதான். காலைல நான் உயிரோட இருப்பேனான்னுதான் கேக்குறான்.

இன்னொரு பக்கம் பாட்டி. நான் ரூமுக்குப் போனதும் அவங்க கட்டிலுக்கு ஓடுவான். “குழந்தை துடிக்குது, ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?”னு அவங்க சொல்லிடுவாங்க. இதே மாதிரி வீட்ல கஷ்டப்பட்டவங்க எப்படிச் சமாளிச்சீங்கன்னு சொல்லுங்க.

திருநெல்வேலி அப்பா

எங்க பொண்ணுக்கு கை கழுவுறது. ஒவ்வொண்ணா எடுக்குறதெல்லாம் எங்களுக்குச் சரிப்படலை. ஒரே நாள்ல எல்லாத்தையும் நிறுத்தினேன். சோப்பை எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டினேன், பாத்ரூம் குழாயையும் அடைச்சேன். பெத்தவங்க உறுதியா இருந்தா பிள்ளை வழிக்கு வந்துடும். வீட்ல கழுவுறது நிஜமாவே குறைஞ்சது. இப்போ ஸ்கூல்ல இன்டர்வெல் முழுக்க குழாயடியிலதான் நிக்கிறாள்னு மிஸ் சொல்றாங்க, அதைத்தான் எப்படி நிறுத்துறதுன்னு தெரியலை.

தஞ்சாவூர் அத்தை

என் தம்பி மகளும் விபூதி பூசினா மூணு விரலும் சரியா பதியணும்பா. நாங்க யாரும் அதை வியாதின்னு சொல்லலை. பக்தியும் சுத்தமும் நல்லதுதானே? இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் டாக்டர்.

குழந்தைகள் மனநலப் பிரிவில் வேலை செய்பவர்

அத்தை, விபூதி கொஞ்சம் கோணலாகப் பதிந்தாலும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறாள் என்றால் கவலையே வேண்டாம். அழித்து அழித்துப் பூசி, பஸ்ஸைத் தவறவிட்டு, அழுதுகொண்டு நிற்கிறாள் என்றால் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

திருநெல்வேலி நண்பரே, உறுதி வேண்டும் என்பது சரி. ஆனால் சோப்பைப் பூட்டியது நீங்கள் செய்துவந்த ஒன்றை நிறுத்தியது ஆகாது, அவள் செய்வதைத் தடுத்தது. அதனால்தான் அது இடம் மாறி பள்ளிக் குழாயடிக்குப் போயிருக்கிறது. அவளுக்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். கூடுதல் சோப்பு வாங்கி வைப்பது, அவள் முடிக்கும்வரை வேனை நிறுத்தி வைப்பது, அவள் சொன்னதும் நீங்களும் கை கழுவுவது. அதில் ஒன்றை எடுங்கள். கை கழுவும் ஆசையைத் தாங்குவது அவள் சிகிச்சையாளரோடு உட்கார்ந்து, படிப்படியாகப் பயிற்சி எடுக்க வேண்டிய வேலை.

சேலம் அம்மா செய்வது ஏறக்குறைய ‘ஸ்பேஸ்’ என்ற முறை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் ஆய்வு மையத்தில் ஈலை லெபோவிட்ஸ் உருவாக்கியது. பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி தருவார்கள், பிள்ளை வரவே வேண்டியதில்லை. பதற்றக் கோளாறு உள்ள பிள்ளைகளிடம் நடத்தி 2020-ல் வெளியான ஆய்வில், பிள்ளைக்கே நேரடியாகத் தந்த சிகிச்சைக்கு இது சளைத்ததாக இல்லை. ஆனால் அது பதற்றத்துக்கான ஆய்வு. ஓசிடிக்கு இதை மட்டும் நம்பி, பிள்ளையின் பயிற்சியையோ டாக்டர் எழுதிய மருந்தையோ விட்டுவிடக் கூடாது.

தோசைக் கேள்விக்கு நான் சொல்லும் அடையாளம் இதுதான்: பதில் கிடைத்ததும் விட்டுவிட்டால் அது கேள்வி. பதில் கிடைத்த பிறகும் அதே கேள்வி திரும்பி வந்தால் அது ஓசிடி செய்ய வைக்கிற சடங்கு. முதல் தடவை சாதாரணமாகப் பதில் சொல்லுங்கள். இரண்டாவது தடவை, “இது பயம் கேட்கிற மாதிரி தெரியுது. கஷ்டமாத்தான் இருக்கும், உன்னால முடியும்” என்பதோடு நிறுத்துங்கள். அதையே பத்துத் தடவை சொல்லாதீர்கள், அந்த வாக்கியமே புதுச் சடங்காகிவிடும்.

பாட்டியிடம் ‘சொல்லாதீங்க’ என்று மட்டும் சொன்னால் நடக்காது, அவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தில், காலையில் பேரனைக் கூப்பிட்டு “நேத்து ராத்திரி கஷ்டப்பட்டியாமே, சமாளிச்சிட்டியே”என்று சொல்வது பாட்டியின் பொறுப்பு. ராத்திரி அவரிடம் ஓடினால் அணைத்துக்கொள்ளலாம், பதில் மட்டும் கிடையாது.

ஒரு அம்மா (ஊர் வேண்டாம்)

நாங்களும் இப்படி ஆரம்பிச்சோம். பதிமூணு வயசுப் பையன். ரெண்டாவது நாளே “மாடியிலேர்ந்து குதிச்சிடுவேன்”னான். அப்பவே விட்டுட்டோம். வேற என்ன செய்ய முடியும்?

குழந்தைகள் மனநலப் பிரிவில் வேலை செய்பவர்

அந்த வார்த்தையை மிரட்டல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அதுவரை பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. பழைய பதிலைச் சொல்ல ஆரம்பிப்பதாலும் அந்த ஆபத்து போய்விடாது. பாதுகாப்பைச் சரிபார்த்த பிறகு, சித்தப்பா, மாமா என்று அவன் மதிக்கும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இதைவிடச் சின்னதாக ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கலாம். அவனை நேரில் பார்க்கிற டாக்டர்தான் எப்போது என்று சொல்ல முடியும்.

சென்னை, கல்லூரி மாணவர்

நான் அந்தப் பையன் இடத்துல இருந்தவன். அம்மா பதில் சொல்றதை நிறுத்தினப்போ, நான் அதே வாக்கியத்தை மனசுக்குள்ள அவங்க குரல்லயே சொல்லிக்க ஆரம்பிச்சேன். வெளிய பார்த்தா சரியாயிட்ட மாதிரி இருந்தது. பல மாசம் யாருக்கும் தெரியாது. சேலம் அம்மா, உங்க பையன் ராத்திரி ரொம்ப அமைதியாயிட்டா, அதையும் ஒரு தடவை சிகிச்சையாளர்கிட்ட கேக்கச் சொல்லுங்க.

சேலம் அம்மா

இதை நான் யோசிக்கவே இல்லை தம்பி. இப்போ உதடு லேசா அசையுது, தூக்கக் கலக்கம்னு நினைச்சேன். அடுத்த தடவை போகும்போது சொல்றேன்.

பாட்டிகிட்ட உளவியலாளரே போன்ல பேசினாங்க. காலைல அவங்கதான் பாராட்டுறாங்க, ராத்திரி கதவைச் சாத்திக்கிறாங்க. படுக்குற நேரம் இப்போ பத்து மணிக்குள்ள வந்துடுச்சு. சிலிண்டர் போட்டோதான் இன்னும் ஓடுது. அடுத்து அதை எடுக்கலாம்னு நான் சொல்றேன், பரீட்சை முடியட்டும்னு அவங்க அப்பா சொல்றார். பரீட்சை நேரத்துல யாராவது புதுசா ஒண்ணை நிறுத்திப் பார்த்திருக்கீங்களா?