புதுப்பிப்பு: தேவிபட்டினம் பக்கத்துப் புஞ்சை

நான் கேட்டிருந்தது: “ஊரில் 1 ஏக்கர் புஞ்சை வருது, 30 வருஷ வில்லங்கம் சுத்தம். வாங்கிப் போடலாமா?”

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. வில்லங்கம் சுத்தமென்றால் போதும் என்று ஒரு அண்ணன் பதிலில் சொன்னது பாதிதான் சரி. பதிவான பத்திரம் மட்டுமே அதில் வரும். ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயா சொன்னபடி சிட்டா எடுத்தேன். கூட்டுப் பட்டா, விற்பவரோடு இன்னும் மூன்று பெயர். ஒருவர் இறந்துவிட்டார், அவருடைய வாரிசுகளான இரண்டு மகள்களும் மலேசியாவில். வாய்ப்பேச்சில் பாகம் பிரித்து வரப்புப் போட்டிருக்கிறார்கள், பதிவு கிடையாது. இப்படியே கிரயம் பண்ணினால் பட்டாப்படி கிடைப்பது பிரிபடாத பங்குதான். இந்த வரப்புக்குள் இருப்பது என் நிலம் என்று சட்டப்படி நிரூபிப்பது கஷ்டம். எல்லோரும் கையெழுத்திட்டுப் பாகப்பிரிவினை பதிந்து, உட்பிரிவு அளந்து தனிப்பட்டா வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மண்டபத்து அக்கா ஒருவர் பதிலில் தன் மனை விலைபோகாத கதையை எழுதியிருந்தார். என் கேள்வி அதுவல்ல, ஆனாலும் உறைத்தது. அவசரத்துக்கு விற்க முடியாத இடத்தைச் சும்மா போட்டால், சில மழைக்குள் சீமைக்கருவேலம் எல்லைக்கல்லையே மூடிவிடும். வெட்டுக்கூலி தனி.

மகள்கள் தூதரகத்தில் சான்று வாங்கிப் பவர் அனுப்புவார்களா என்பது இன்னும் தெரியவில்லை.