பாட்டு அந்தாக்ஷரி: கைமாறும் எழுத்துக்கு என்ன பெயர்?

கடலூர், மஞ்சக்குப்பம்
ஆற்றுத் திருவிழாவுக்குக் கூடும் சொந்தக்காரர்கள் இருபது பேருக்கு விதித்தாள் எழுதுகிறேன். ஒருவர் பாடி முடித்ததும் அடுத்தவருக்குப் போகும் எழுத்தை ‘ஈற்றெழுத்து’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

புதுச்சேரி, முத்தியால்பேட்டை
பொருந்தாது ஐயா. பாட்டு ‘மயிலே’ என்று முடிகிறது, ஈற்றெழுத்து லே. தமிழ்ச் சொல் ல வரிசையில் தொடங்காதே! ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டுக்கும் இதே கதி. மெய்யெழுத்தும் முதலில் வராது. அதனால் சொல்லுக்குத் தொடக்கமாகக்கூடிய எழுத்து வரும்வரை ஒவ்வொன்றாகப் பின்னால் போக வேண்டும். லே ஆகாது, யி ஆகாது, ம ஆகும். அடுத்தவர் ம-வில் பாடட்டும். தமிழ்ச் சொல்லாக இருந்தால், மிஞ்சிப்போனால் அதன் முதலெழுத்திலேயே நின்றுவிடும், ஆட்டம் முட்டாது. கிடைத்த எழுத்து ஈறு இல்லை என்பதால், பூத் தொடுப்பதைப் போல ‘தொடுப்பெழுத்து’ எனலாம்.

திருப்பாதிரிப்புலியூர்
இவ்வளவு சுற்று எதற்கு? ன வந்தால் ந, ள, ழ வந்தால் ல என்று வைத்தால் போதும்.

முத்தியால்பேட்டை
ன-வுக்கு ந கைகொடுக்கும். ள-வை ல ஆக்கினால் முட்டுச்சந்து இடம் மாறுகிறது, அவ்வளவுதான். லாலி, ரோஜா போலச் சில சொற்களை நம்பி இருபது பேர் ஆட முடியாது.

புதுச்சேரி, லாஸ்பேட்டை
‘பாட்டுக்குப் பாட்டு’ என்ற பேர் ஏற்கெனவே இருக்கிறதே. புதுப்பெயர் எதற்கு?

மஞ்சக்குப்பம்
அது ஆட்டத்தின் பெயர் அம்மா. நான் கேட்டது எழுத்துக்கு.

லாஸ்பேட்டை
சரி. எங்கள் வீட்டில் சண்டை வருவது வேறிடத்தில். பாடுகிறவர் ‘வந்த’ என்பதை ‘வந்தா…’ என்று இழுத்து முடிப்பார். அடுத்தது தாவா, தவா?

முத்தியால்பேட்டை
எழுதினால் எப்படியோ அதுவே கணக்கு, த-தான். எங்கே நிறுத்துவது என்பதையும் தாளில் எழுதுங்கள்: பல்லவியின் இரண்டாம் அடி முடிவு. இல்லாவிட்டால் கெட்டிக்காரர் எதிரணிக்குக் கடினமான எழுத்து விழும் இடமாகப் பார்த்து நிறுத்திக்கொள்வார்.

திருப்பாதிரிப்புலியூர்
‘வேண்டும்’ என்று முடிந்தால்? மெய் ஆகாது என்றால் ம், டு, ண் மூன்றையும் தாண்டி வே. வழக்கத்தில் எல்லோரும் ம வரிசைதானே பாடுகிறோம்?

முத்தியால்பேட்டை
உண்மைதான். ஆனால் ம்-இல் முடியும் அடிகள் ஏராளம். எல்லாவற்றுக்கும் ம என்றால், ம வரிசைப் பாட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். முதல் இரண்டு தடவை ம வரிசை, மூன்றாவதிலிருந்து பின்னால் போவது என்று வைக்கலாம்.

திருப்பாதிரிப்புலியூர்
எண்ணிக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டுமே. ‘தொடுப்பெழுத்து’ எனக்குச் சம்மதம். ம் விதி சம்மதமில்லை.

மஞ்சக்குப்பம்
தாளில் ‘தொடுப்பெழுத்து’ என்று மாற்றிவிட்டேன். ம்-க்கு இரண்டு வழியையும் ஒவ்வொரு சுற்று ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.