சக ஊழியரின் சம்பவ அறிக்கைக்குக் கருத்து எழுத வேண்டும்: எதைக் கேட்பது?

புதுவைக்காற்று:
எங்கள் முன்பதிவுத் தளம் கடந்த புதன்கிழமை, மார்ச் 12 அன்று, முடங்கியது. சக ஊழியர் ஒருவர் சம்பவ அறிக்கை எழுதியிருக்கிறார். மேலாளருக்குப் போகும் முன் அதைப் படித்துக் கருத்து எழுதும் வேலை எனக்கு வந்திருக்கிறது. அவர் என்னைவிட அனுபவசாலி. அறிக்கையில் ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றுகிறது, ஆனால் எது என்று விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. முக்கியமான பகுதி இதுதான்:

"காலை 4.58 மணிக்குத் தளத்தின் சான்றிதழ் காலாவதியானது. 10.35க்கு முதல் புகார் வந்தது. 11.20க்குச் சர்வர் மறுதொடக்கம் செய்யப்பட்டு, பிரச்சினை தீர்ந்தது. மொத்தப் பாதிப்பு சுமார் 6 மணி நேரம். காரணம்: கவனக்குறைவால் சான்றிதழ் புதுப்பிக்கப்படவில்லை. அணுகல் பதிவில் பிழைகள் இல்லாததால் சில பயனர்களே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்."

எழுத்துப்பிழைகளைத் திருத்திவிட்டேன். வேறு என்ன கேட்கலாம்?

அவசரக்குடுக்கை:
சான்றிதழ் காலாவதியானால் கீழே உள்ளதை ஓட்டுங்கள், இரண்டு நிமிடத்தில் தளம் எழுந்துவிடும்.

```
certbot renew --force-renewal
```

புதுவைக்காற்று:
தளம் அன்றைக்கே எழுந்துவிட்டது நண்பரே. அறிக்கையைப் பற்றித்தான் கேட்கிறேன்.

கம்பிவேலி:
பெரிய ஓட்டை, எச்சரிக்கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழாக இருந்தால், காலாவதிக்கு முன்பே மின்னஞ்சல் வந்திருக்கும். அது யாருக்கு வந்தது, யார் பார்க்காமல் விட்டார்கள் என்று கேளுங்கள். "கவனக்குறைவு" என்று பொதுவாக எழுதித் தப்பிக்க விடக்கூடாது. பெயர் வேண்டும்.

இரவுப்பணி:
எச்சரிக்கையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதில் கம்பிவேலியோடு உடன்படுகிறேன். பெயர் கேட்பதில் உடன்பாடில்லை. அதைவிட, அந்தப் பத்தி தன்னையே மறுக்கிறது, அதை முதலில் பாருங்கள்.

சான்றிதழ் புதுப்பிக்கப்படவில்லை என்றால், வெறும் மறுதொடக்கத்தால் எப்படிப் பிரச்சினை தீர்ந்தது? மறுதொடக்கம் புதிய சான்றிதழை உண்டாக்காது. ஏற்கெனவே வட்டில் இருப்பதைத்தான் படிக்கும். ஆகவே புதிய சான்றிதழ் முன்பே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் தொடங்கும்போதும், ரீலோட் செய்யும்போதும் மட்டுமே சான்றிதழைப் படிக்கிறது. சர்ட்பாட் கோப்பை மாற்றியும் ரீலோட் நடக்காவிட்டால், நினைவகத்தில் இருக்கும் பழையதையே கடைசி நொடிவரை கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஊகத்தை எழுதாதீர்கள், சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். சர்வரில் இதை ஓட்டினால் போதும் (தளத்தின் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்):

```
openssl x509 -noout -dates \
  -in /etc/letsencrypt/live/example.com/cert.pem
```

சர்வருக்குள் நுழைய அனுமதி இல்லையென்றால் crt.sh தளத்தில் உங்கள் தளத்தின் பெயரைத் தேடுங்கள். எந்தத் தேதியில் சான்றிதழ் வழங்கப்பட்டது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று, 4.58 என்ற நேரம். அது எங்கிருந்து எடுக்கப்பட்டது?

புதுவைக்காற்று:
ஓட்டிப் பார்த்தேன். எனக்கே வியப்பு:

```
notBefore=Feb 10 16:42:51 2025 GMT
notAfter=May 11 16:42:50 2025 GMT
```

பிப்ரவரி 10ஆம் தேதியே புதுப்பித்திருக்கிறது! பழைய சான்றிதழ் archive கோப்புறையில் இருந்தது. அதன் முடிவு நேரம் `Mar 12 04:58:11 2025 GMT`. அறிக்கையின் 4.58 இதிலிருந்துதான் வந்திருக்கிறது.

இரவுப்பணி:
கடைசி மூன்று எழுத்தைப் பாருங்கள். அந்த 4.58 கிரீன்விச் நேரம். நம் நேரத்தில் ஐந்தரை மணி கூட்டினால் காலை 10.28. முதல் புகார் 10.35க்கு, அது வாடிக்கையாளர் மையத்தின் நம்மூர் நேரம். அதாவது 7 நிமிடத்தில் புகார் வந்துவிட்டது. பாதிப்பு 10.28 முதல் 11.20 வரை 52 நிமிடம். "சுமார் 6 மணி நேரம்" என்பது இரண்டு கடிகாரங்களைக் கலந்ததால் வந்தது. மேலாளர் அதைப் படித்தால், காலை முழுவதும் யாருமே கவனிக்கவில்லை என்று நினைப்பார். பணம் போட்டுக் கண்காணிப்புக் கருவி வாங்கச் சொன்னாலும் வியப்பதற்கில்லை.

கம்பிவேலி சொன்ன மின்னஞ்சலும் இங்கே பொருந்தாது. அதே பெயர்களுக்குப் புதிய சான்றிதழ் வாங்கிவிட்டால் பழையதற்கு நினைவூட்டல் அனுப்பமாட்டார்கள். வராத மின்னஞ்சலை யாரும் தவறவிட முடியாது. போதாக்குறைக்கு, அந்த நினைவூட்டல் சேவையையே 2025 ஜூன் 4 முதல் நிறுத்தப்போவதாக ஜனவரியில் அறிவித்துவிட்டார்கள்.

கம்பிவேலி:
சரி, மின்னஞ்சல் விஷயத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் வெளியிலிருந்து 443 போர்ட்டைத் தொட்டு, சான்றிதழின் முடிவுத் தேதியைப் பார்க்கும் கண்காணிப்பு இருந்திருந்தால் ஒரு மாதம் முன்பே தெரிந்திருக்கும். அது இருந்ததா இல்லையா என்று அறிக்கை சொல்லவேண்டும்.

இரவுப்பணி:
இதில் மறுப்பே இல்லை. வட்டில் உள்ள கோப்பை மட்டும் பார்க்கும் கண்காணிப்பு, எல்லாம் நலம் என்றுதான் சொல்லியிருக்கும்.

ஆலைக்காரன்:
நான் கணினித் துறை இல்லை, ஆலைப் பாதுகாப்புப் பிரிவு. எங்கள் படிவத்திலும் "கவனக்குறைவு" என்று எழுதி வருவார்கள். நான் அந்தச் சொல்லை அடிக்கமாட்டேன். பக்கத்தில் "என்ன செய்திருக்க வேண்டும், அது எந்த நடைமுறையில் எழுதியிருக்கிறது?" என்று மட்டும் கேட்பேன். பாதிப் பேர் தாங்களே திருத்திக் கொண்டுவருவார்கள். எங்கள் இயந்திரக் கதை வேறு, அதை இங்கே நீட்டவில்லை.

புதுவைக்காற்று:
அந்தக் கேள்வி நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். "சில பயனர்களே" என்பதைப் பற்றி என்ன சொல்வது? அணுகல் பதிவில் உண்மையிலேயே பிழை எதுவும் இல்லை.

இரவுப்பணி:
இருக்காது. சான்றிதழ் காலாவதி என்று கண்டதும் உலாவி கைகுலுக்கும் நிலையிலேயே இணைப்பைத் துண்டித்துவிடும். கோரிக்கையே வந்து சேராதபோது அணுகல் பதிவில் என்ன விழும்? பிழை இல்லாததைப் பாதிப்பு இல்லாததற்குச் சான்றாகக் காட்ட முடியாது. முந்தைய புதன்கிழமை அதே 10.28 முதல் 11.20 வரை எத்தனை கோரிக்கைகள் வந்தன, இந்தப் புதன் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். பள்ளம் எவ்வளவோ, பாதிப்பு ஏறத்தாழ அவ்வளவு. எச்சரிக்கையைத் தாண்டி "தொடர்க" என்று அழுத்தி உள்ளே வந்தவர்களும் கொஞ்சம் இருப்பார்கள் என்பதால் துல்லியம் கிடைக்காது.

அவர் மூத்தவர் என்றீர்கள். கருத்தை இப்படி எழுதிப்பாருங்கள்: "4.58 GMT என்று கோப்பில் இருக்கிறது. புகார் நேரம் நம் நேரமா? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தரமுடியுமா?" "சான்றிதழ் பிப்ரவரி 10இல் வழங்கப்பட்டதாகத் தெரிகிறது. காரணப் பத்தியோடு இதை எப்படிப் பொருத்துவது?" ஆதாரத்தை முன்னால் வைத்துக் கேட்டால் போதும்.

புதுவைக்காற்று:
இன்று பேசினேன். நேரக் குழப்பத்தை உடனே ஒப்புக்கொண்டு திருத்திவிட்டார். காரணத்தில்தான் இழுபறி. ரீலோட் செய்யும் கட்டளை அமைப்பில் ஏற்கெனவே இருக்கிறது என்கிறார். renewal கோப்பில் இந்த வரி இருப்பது உண்மை:

```
renew_hook = systemctl reload nginx
```

இரவுப்பணி:
அந்த வரி பிப்ரவரியில் இருந்ததா, சம்பவத்துக்குப் பிறகு சேர்த்ததா? இருந்திருந்தால், ரீலோட் தோற்றிருக்கலாம். என்ஜின்எக்ஸ் அமைப்பில் அன்று ஒரு பிழை இருந்தால் ரீலோட் மறுக்கப்படும், பழைய செயல்முறை அப்படியே ஓடும், சான்றிதழ் மட்டும் வட்டில் புதிதாக இருக்கும். ஆனால் மார்ச் 12 மறுதொடக்கத்தில் சிக்கல் இல்லாமல் எழுந்திருக்கிறது என்றால், அந்தப் பிழையை இடையில் யாரோ திருத்தியிருக்க வேண்டும். பிப்ரவரி 10இன் letsencrypt.log கோப்பும் அன்றைய என்ஜின்எக்ஸ் பிழைப் பதிவும் வேண்டும்.

புதுவைக்காற்று:
பதிவுகளை 14 நாள்தான் வைத்திருக்கிறோம். பிப்ரவரி போய்விட்டது. அமைப்புக் கோப்புகள் Git களஞ்சியத்தில் இருக்கின்றன, அதன் வரலாற்றை நாளை பார்க்கிறேன்.

கம்பிவேலி:
அதிலும் கிடைக்காவிட்டால் "ரீலோட் ஏன் நடக்கவில்லை என்று உறுதிசெய்ய முடியவில்லை, பதிவுகள் அழிந்துவிட்டன" என்றே எழுதச் சொல்லுங்கள். பதிவுகளை எத்தனை நாள் வைப்பது என்பது தனிப் பணியாக, பொறுப்பாளர் பெயரோடு, கீழே வரட்டும். இங்கேயாவது பெயர் கேட்கலாம்தானே?

இரவுப்பணி:
இங்கே கேட்கலாம். தேதியும் கேளுங்கள். இப்போதுள்ள சான்றிதழ் மே 11இல் முடிகிறது. ஏப்ரல் 11 வாக்கில் சர்ட்பாட் மறுபடி புதுப்பிக்கும். அதற்கு முன்னால் அந்தக் கட்டளையைக் கையால் ஒருமுறை ஓட்டிச் சோதித்தாரா என்று அறிக்கையில் இருக்கவேண்டும்.