கையால் வண்ணம் பூசிய பழைய படத்தில் பால்பாயிண்ட் மை

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். 1968-இல் எடுத்த தாத்தா பாட்டி கல்யாணப் படம், கறுப்பு வெள்ளை பிரிண்ட். போன மாதம் குழந்தை நீலப் பால்பாயிண்ட்டால் கிறுக்கிவிட்டது. ஒரு கோடு பாட்டியின் கன்னத்தில், இன்னொன்று வெள்ளை ஓரத்தில். சாய்த்துப் பார்த்தால் பள்ளமும் தெரிகிறது.

முதலில் 1200 டிபிஐயில் ஸ்கேன் எடுத்துவிட்டேன். தண்ணீர் தொடவில்லை, ஜெலட்டின் ஊறிவிடும். தண்ணீர் கலந்த 70 சதவீத ஸ்பிரிட்டும் அதனால்தான் வேண்டாம் என்று விட்டேன். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் லேசாகத் தொட்டு, ஓரத்துக் கோட்டின்மேல் தேய்க்காமல் உருட்டினேன். பாதி மை பஞ்சில் ஏறியது, மீதி வெளிர்நீலமாகப் பரவி நின்றுவிட்டது. கன்னத்திலோ ஸ்டுடியோவில் பூசிய ரோஸ் வண்ணம் இருக்கிறது, ஆல்கஹாலில் அதுவும் கரையக்கூடும். அதனால் அங்கே கைவைக்கவில்லை.

அந்த ரோஸ் வண்ணம் போகாமல், நீலம் பரவாமல், கன்னத்து மையை மட்டும் எடுக்க என்ன வழி?