9% பாண்ட், கைக்கு 6% தானா? கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அப்பாவுக்காக ஒரு பாண்ட் பார்த்தேன். முகமதிப்பு 1,000 ரூபாய், கூப்பன் 9%, வருடத்துக்கு ஒருமுறை வட்டி, முதிர்வுக்குச் சரியாக 3 வருடம். ஆனால் விற்பது 1,080க்கு. 90 ரூபாய் வட்டியை 1,080ஆல் வகுத்தால் கரண்ட் ஈல்டு 8.33%. இதுவரை சரி.

முதிர்வு வரையிலான ஈல்டு மட்டும் 6% என்று காட்டுகிறது! கடைசியில் 1,000 தான் திரும்பும், அந்த 80 ரூபாய் போய்விடும், அதனால்தானே?

அப்புறம், வரும் வட்டியையும் அதே 6%இல் மறுமுதலீடு செய்வதாக அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறதாம். அப்பா சேமிப்புக் கணக்கில் 3%க்குப் போட்டுவைப்பார். எனக்கு 5.8% வருகிறது. சரியா?