ஈன்று 15 மணி நேரம் ஆகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. கையால் எடுக்கலாமா?

கறவைக்காரன்:
நேற்று இரவு 9 மணிக்கு எங்கள் மாடு இரட்டைக் கன்று ஈன்றது. இது மூன்றாவது ஈற்று. நாள் கணக்குக்கு இரண்டு வாரம் முன்பே ஈன்றுவிட்டது. முதல் கன்றின் கால் மடங்கியிருந்ததால் இழுத்துத்தான் எடுத்தோம். இப்போது நண்பகல். கொடி பின்னங்கால் முட்டி வரை தொங்குகிறது. மாடு தீவனம் எடுக்கிறது, தண்ணீர் குடிக்கிறது, அசை போடுகிறது. ஒருவர் கையை உள்ளே விட்டு எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் தொங்கும் கொடியில் கல்லைக் கட்டச் சொல்கிறார். இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? அடுத்த சினை ஊசி தள்ளிப்போகுமா?

பால்மடி:
கல்லைக் கட்டவே கட்டாதீர்கள், கருப்பையே வெளியே வந்துவிடும். ஆனால் 12 மணி நேரம் தாண்டிவிட்டதே! இனி அது தானாக விழாது. உடனே மருத்துவரை அழைத்துக் கையால் எடுக்கச் சொல்லி, கருப்பைக்குள் மாத்திரை வைக்கச் சொல்லுங்கள். உள்ளே அழுக விட்டால் மாடு தங்காது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
கல்லைப் பற்றி பால்மடி சொன்னது சரி. மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பெரும்பாலான மாடுகள் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் கொடியைப் போட்டுவிடும். 12 மணி நேரம் தாண்டினால் தங்கிவிட்டது என்று கவனிக்கத் தொடங்குகிறோம்; 24 மணி நேரம் ஆகிவிட்டால் சந்தேகமே இல்லை. ஆனால் தங்கிவிட்டது என்பதற்காகப் பிய்த்து எடுக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. கருப்பையின் உட்சுவரில் பொத்தான்களைப் போல மேடுகள் இருக்கின்றன. கொடி அவற்றில்தான் பற்றியிருக்கிறது. ஈன்ற பிறகு மாட்டின் வெள்ளணுக்கள் வந்து அந்தப் பிடியைத் தளர்த்த வேண்டும். இரட்டைக் கன்று, நாள் முதிராத ஈற்று, இழுத்து எடுத்த ஈற்று ஆகிய மூன்றிலுமே இந்த வேலை தாமதப்படும். உங்கள் மாட்டுக்கு மூன்றும் சேர்ந்திருக்கின்றன. கையால் இழுத்தால் அந்த மேடுகள் கிழியும், துண்டுகள் உள்ளேயே நிற்கும், கிழிந்த இடம் வழியாகக் கிருமி இரத்தத்தில் கலக்கும். விட்டுவிட்டால் பெரும்பாலும் 4 முதல் 10 நாளுக்குள் பிடி அழுகித் தானே விழும். நாற்றம் அடிக்கத்தான் செய்யும். கொடி அழுகும் நாற்றத்தை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது வெப்பமானி வைத்துப் பார்ப்பதுதான். காலையும் மாலையும் ஆசனவாயில் வைத்துப் பார்த்து 10 நாள் எழுதி வையுங்கள். 101.5 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி இருந்தால், தீவனமும் எடுத்தால், காத்திருக்கலாம். 103-ஐத் தாண்டினாலோ, தீவனம் குறைந்தாலோ, பால் சட்டென்று இறங்கினாலோ, தண்ணீர் போன்ற செந்நிறக் கழிவு நாற்றத்துடன் வழிந்தாலோ அன்றே மருத்துவரை அழையுங்கள். காது சில்லிட்டு, மாடு எழ முடியாமல் படுத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். அது பால் காய்ச்சலாக இருக்கலாம். அப்போது வெப்பமானியில் காய்ச்சல் தெரியாது, மாறாக உடல் குளிர்ந்திருக்கும்.

மேய்ச்சல்நிலம்:
எங்கள் மாட்டுக்கும் இதே கதைதான் ஐயா. ஏழாம் மாதத்தில் கன்று செத்து விழுந்தது, கொடி விழவில்லை. அப்படியே விட்டோம், விழுந்துவிட்டது. அதனால் கறவைக்காரன் கவலைப்பட வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
உங்கள் மாட்டின் கதை வேறு. கடைசி மாதங்களில் கருச்சிதைந்து கொடியும் தங்கினால் முதலில் புருசெல்லா நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும். உங்கள் மாட்டுக்கு இரத்தப் பரிசோதனை செய்தீர்களா? செய்யவில்லையென்றால் இப்போதாவது செய்யுங்கள், அதுவரை பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். கையுறை இல்லாமல் யாரும் அந்தக் கொடியைத் தொட்டிருக்கக் கூடாது.

மேய்ச்சல்நிலம்:
பரிசோதனை செய்யவில்லை ஐயா. கொடியை என் மனைவிதான் வெறும் கையால் எடுத்துப் புதைத்தாள். நாளைக்கே ஏற்பாடு செய்கிறேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
அவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, இரவில் வியர்வை ஏதாவது இருந்தால், மாட்டுக்கு நடந்ததைச் சொல்லியே மருத்துவரிடம் காட்டுங்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்கு இது தோன்றாது.

கறவைக்காரன்:
மூன்றாம் நாள் மாலை 103.6 காட்டியது. பாதித் தீவனத்தை மிச்சம் வைத்தது. கழிவும் தண்ணீராக, தாங்க முடியாத நாற்றத்துடன் வந்தது. அன்றிரவே மருத்துவர் வந்து ஊசி மருந்து போட்டார், தொடர்ந்து போட மறுநாளும் வந்தார். கொடியை இழுக்கவில்லை, தரையில் இழுபட்ட பகுதியை மட்டும் கத்தரித்தார். மருந்தின் காலம் முடியும் வரை பாலை விற்கக் கூடாது என்றார். காய்ச்சல் தணிந்துவிட்டது. ஏழாம் நாள் காலையில் கொடி கொட்டிலில் கிடந்தது.

பால்மடி:
நல்லது. ஆனாலும் உள்ளே மாத்திரை வைத்திருந்தால் காய்ச்சலே வந்திருக்காது என்பது என் எண்ணம். எங்கள் மருத்துவர் எப்போதும் வைக்கிறார், மாடுகள் நன்றாகத்தான் இருக்கின்றன.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
நானும் ஆரம்ப காலத்தில் வைத்தவன்தான், இன்றும் பலர் வைக்கிறார்கள். கொடியின் பிடி விடுவதே அது அழுகுவதால்தான். உள்ளே வைக்கும் மருந்து அந்த அழுகலைத் தாமதப்படுத்தக்கூடும். காய்ச்சல் இல்லாத மாட்டுக்கு அதனால் சினை பிடிப்பது மேம்படுகிறது என்றும் தெளிவாக நிறுவப்படவில்லை. காய்ச்சல் வந்த மாட்டுக்கு உடல் முழுவதும் பரவும் ஊசி மருந்து வேண்டும், அதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

பால்மடி:
அதில் இல்லை. மாத்திரையைப் பற்றி நம் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

கறவைக்காரன்:
ஈன்று இப்போது 38 நாள் ஆகிறது. பால் பழைய அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் படுத்து எழும்போது வாலடியில் வெண்மையாகச் சீழ் ஒட்டியிருக்கிறது. போன வாரம் பருவத்துக்கு வந்தது போலத் தெரிந்தது, ஊசி போடவில்லை. தவறவிட்டுவிட்டோமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
தவறவிடவில்லை, போடாமல் விட்டதுதான் சரி. மூன்று வாரத்துக்குப் பிறகும் சீழ் வந்தால் கருப்பையின் உட்சுவர் இன்னும் ஆறவில்லை என்று பொருள். அதில் போடும் விந்து வீண்தான், சினை தங்கினாலும் கலையலாம். மருத்துவரை அழைத்துக் கருப்பையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கருமுட்டைப் பையில் மஞ்சள் திசு இருந்தால் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போடுவார். மாடு சில நாளில் பருவத்துக்கு வரும், அந்தப் பருவத்தில் கருப்பை வாய் திறந்து சீழை வெளியே தள்ளும். அந்த ஊசியைக் கர்ப்பிணிகள் கையாளக் கூடாது.

அந்தப் பருவத்தையும் விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்த பருவத்தில், சுமார் 60 முதல் 80 நாளுக்குள், ஒழுக்கு நூல் போலத் தெளிவாக வந்தால் ஊசி போடலாம். கலங்கலோ வெண்மையோ கலந்திருந்தால் மறுபடியும் தள்ளிப் போடுங்கள். வழக்கத்தைவிட ஒரு பருவம், சில சமயம் இரண்டு பருவம் தாமதமாகலாம். முதல் ஊசியிலேயே சினை பிடிக்கும் வாய்ப்பும் சற்றுக் குறைவுதான். ஆனால் கொடி தங்கிய மாடு மலடாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி விற்றுவிடாதீர்கள்.

கறவைக்காரன்:
நன்றி ஐயா. அடுத்த ஈற்றிலும் இப்படியே ஆகுமா? செலினியம், வைட்டமின் ஈ கொடுத்தால் தடுக்கலாம் என்று படித்தேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
இந்த முறை இரட்டைக் கன்றுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன், அது அடுத்த முறையும் வரும் என்று சொல்ல முடியாது. தீவனத்தில் அந்தச் சத்துகள் குறைவாக இருந்தால் கொடுப்பதில் பலன் உண்டு. செலினியம் அளவு மீறினால் நஞ்சு. நீங்களாகவே அளவு முடிவு செய்யாமல் பால் வற்றவிடும் சமயத்தில் உங்கள் மருத்துவரிடம் தீவனத்தைக் காட்டிக் கேளுங்கள்.

கறவைக்காரன்:
நாளை காலை மருத்துவர் வருகிறார். கருப்பையைப் பார்த்துவிட்டு அவர் சொல்வதை இங்கேயே எழுதுகிறேன்.